தவறு தனக்கே சாட்சி சொல்லும்போது

ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கு நோட்டில் இப்படி ஒரு வரி: 1/2 + 1/3 = 2/5. பார்த்த மாத்திரத்தில் தவறு என்று தெரிந்துவிடுகிறது. சிவப்புப் பேனாவால் ஒரு சுழி சுழித்து, பக்கத்தில் 5/6 என்று எழுதிக் கொடுக்க அரை நிமிடம் போதும். பல வீடுகளில் அதுதான் நடக்கிறது. மறுநாள் அதே பிள்ளை 2/3 + 1/4 = 3/7 என்று எழுதிக்கொண்டு வந்து நிற்கிறது. "நேத்துதானே சொல்லிக் கொடுத்தேன்?" என்று நமக்குக் குரல் உயர்கிறது. நேற்று நாம் சொல்லிக் கொடுத்தது ஒரு விடையை. பிள்ளையின் கையில் இருக்கும் விதி நேற்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கிறது.

மேலே இருப்பதை மேலே இருப்பதோடு கூட்டு, கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடு கூட்டு என்பதே அந்த விதி. இதைக் கவனக்குறைவு என்று சொல்லித் திட்டுவது அநியாயம். கவனக்குறைவால் வரும் பிழை வரிக்கு வரி மாறும். ஒரு கணக்கில் சரியாகவும் அடுத்ததில் பிசகியும் வரும். இந்தப் பிள்ளையோ பக்கம் முழுக்க ஒரே ஒழுங்கில் போட்டிருக்கிறது. ஒரு விதியை நம்பி, அதைக் கடைசிவரை நேர்மையாகப் பின்பற்றியவரின் நோட்டு அது. அந்த நேர்மையைப் பார்க்காமல் விடையை மட்டும் பார்த்துத் தண்டிப்பவர், திருத்தும் வேலையைத் தொடங்கவே இல்லை.

ஆகவே பேனாவை எடுக்கும் முன் முழுப் பக்கத்தையும் படிக்க வேண்டும். 2/7 + 3/7 போன்ற ஓரினப் பின்னங்களைப் பிள்ளை 5/7 என்று சரியாகப் போட்டு, பகுதிகள் வேறுபடும்போது மட்டும் இரண்டையும் கூட்டியிருக்கிறதா? அப்படியானால் ஏழில் ஒன்று என்பது ஒரு துண்டு என்ற எண்ணம் அதற்கு இருக்கிறது. துண்டுகளின் அளவு மாறும்போது என்ன செய்வது என்று மட்டுமே தெரியவில்லை. 2/7 + 3/7 = 5/14 என்றே எழுதியிருந்தால் சிக்கல் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. கோட்டுக்கு மேலும் கீழும் இருப்பவை அந்தப் பிள்ளைக்குத் தனித்தனியான இரண்டு எண்கள். பின்னம் என்ற ஒற்றை எண் அங்கே இன்னும் பிறக்கவில்லை. 1/2 + 1/3 = 2/6 என்று இருந்தால் அது வேறு தவறு. பொதுப் பகுதி வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது, தொகுதிகளை அதற்கேற்ப மாற்ற மறந்துவிட்டது. இந்த மூவருக்கும் ஒரே பாடத்தைத் திரும்ப நடத்தினால் யாருக்கும் பயன் இருக்காது.

கழித்தல் கணக்கு ஒன்றையும் பார்த்துவிட வேண்டும். 3/4 − 1/4 என்பதை அதே விதியில் போட்டால் 2/0 வரும். பல பிள்ளைகள் அங்கே தயங்கி நிற்பார்கள்; சிலர் 2 என்றோ 0 என்றோ எழுதி நகர்ந்துவிடுவார்கள். நின்ற பிள்ளையிடம் சந்தேகம் விழித்திருக்கிறது. நகர்ந்த பிள்ளை, தனக்குப் புரியாத ஒன்றை நமக்குப் பயந்து மூடி மறைத்திருக்கிறது. இரண்டாவதுதான் நம்மைக் கவலைப்பட வைக்க வேண்டியது.

இனி பிள்ளையிடம் பேச வேண்டும். முதல் கேள்வி, "இதை எப்படிக் கண்ணு போட்ட?" என்பதாக இருந்தால் போதும். ஒரு தாயும் மகளும் இப்படிப் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

"மேல மேல கூட்டினேன், கீழ கீழ கூட்டினேன்மா."

"அப்படிக் கூட்டலாம்னு எப்படித் தோணுச்சு?"

"மார்க்கு அப்படித்தானே கூட்டுவாங்க? முதல் டெஸ்ட்ல பத்துக்கு எட்டு, ரெண்டாவதுல பத்துக்கு ஏழு. மொத்தம் இருபதுக்குப் பதினஞ்சு."

இந்த இடத்தில் தாய் சற்று நிதானிக்க வேண்டும். ஏனென்றால் மகள் சொல்வது உண்மை. 8/10, 7/10 என்று எழுதப்பட்ட மதிப்பெண்கள் சேர்ந்து 15/20 ஆவதுதான் சரி. அதைத் தவறு என்று மறுத்தால், பிள்ளை கண்ணால் கண்ட ஒன்றைப் பொய் என்று சொன்னவர்களாவோம். போதாக்குறைக்கு, பெருக்கலில் அந்த விதியின் சாயலே சட்டமாக இருக்கிறது: 2/3 × 1/4 என்றால் மேலே மேலே பெருக்கி, கீழே கீழே பெருக்கி 2/12. பெருக்கலில் செல்லுபடியாகும் முறை கூட்டலில் ஏன் செல்லாது என்று பிள்ளை கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

மதிப்பெண்ணுக்கும் பின்னத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தாய் தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டாவது தேர்வு வரும்போது தன்னோடு இன்னொரு பத்துக் கேள்விகளையும் கொண்டு வருகிறது. முழுமையே பத்திலிருந்து இருபதாக வளர்கிறது. அதனால் கீழே உள்ள எண்ணும் வளர்கிறது. 1/2 + 1/3 என்று பாடப்புத்தகம் கேட்கும்போது முழுமை வளர்வதில்லை. ஒரே முழுமையின் பாதியும், அதே முழுமையின் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் அந்த முழுமையில் எவ்வளவு என்பதே கேள்வி. 8/10-ஐயும் 7/10-ஐயும் அப்படிக் கூட்டினால் 15/10, அதாவது ஒன்றரை வரும். 15/20, 15/10 இரண்டுமே சரியான விடைகள், கேள்விகள்தாம் வேறு. "நீ சொன்னது மார்க்குக்குச் சரி, இங்கே கேட்டிருக்கறது வேற" என்று தாய் சொல்லும்போது அவள் மகளுக்குச் சலுகை காட்டவில்லை, உண்மையைச் சொல்கிறாள்.

பிள்ளையின் விதி தரும் எண் எங்கே போய் உட்காரும் என்பதைக் கவனித்தால் திருத்துபவருக்கும் ஒரு தெளிவு கிடைக்கும். 15/20 என்பது முக்கால். அது 7/10-க்கும் 8/10-க்கும் நடுவில் இருக்கிறது. 2/5 என்பதும் 1/3-க்கும் 1/2-க்கும் நடுவில்தான் இருக்கிறது. இது தற்செயல் இல்லை. வெவ்வேறு மதிப்புடைய இரண்டு பின்னங்களை எடுத்து மேலும் கீழும் தனித்தனியே கூட்டினால், வரும் பின்னம் எப்போதும் அந்த இரண்டுக்கும் இடையில்தான் விழும். பிரெஞ்சுக் கணித அறிஞர் நிக்கோலா சுகே 1484-இல் எழுதிய நூலில் இதை இடைப்பட்ட எண்களைக் கண்டுபிடிக்கும் முறையாகவே தந்தார். 1816-இல் ஜான் ஃபேரி என்ற ஆங்கிலேய நிலவியலாளர் வரிசையாக அமைந்த பின்னங்களில் இதே இயல்பைக் கவனித்து எழுத, அவ்வரிசைகள் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. பிள்ளை செய்தது கணிதத்தில் இடமுள்ள ஒரு செயல். அதைக் கூட்டல் என்று நினைத்துக்கொண்டதுதான் பிழை.

நடுவில் விழுகிறது என்பதிலிருந்தே சரிபார்க்கும் வழியும் கிடைக்கிறது. எதையேனும் கூட்டினால் விடை, கூட்டியவற்றில் பெரியதைவிடப் பெரியதாக இருந்தாக வேண்டும். பிள்ளையின் விதி தரும் விடையோ அந்தப் பெரியதைத் தாண்டவே தாண்டாது. எனவே சுழியம் சேராத எந்தப் பின்னக் கூட்டலிலும் இந்த விதி தற்செயலாகக்கூடச் சரியான விடையைத் தராது. ஒவ்வொரு முறையும் அகப்பட்டுக்கொள்ளும். 2/5-ஐ அரையோடு ஒப்பிட்டால் போதும். ஐந்தில் பாதி இரண்டரை. இரண்டு அதைவிடக் குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைந்துபோவது எப்படி?

கழித்தலில் இதன் மறுபக்கம் தெரியும். 3/4 − 1/2 = 2/2 என்று போட்டால் விடை ஒன்று. முக்காலிலிருந்து அரையை எடுத்த பிறகு கையில் முழுதாக ஒன்று இருக்கிறது. 2/3 − 1/4-ஐப் போட்டால், கீழேயும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 1/1 என்று எழுதுவார்கள், மறுபடியும் ஒன்று. எடுக்க எடுக்கப் பெருகும் செல்வம் கதையில்தான் உண்டு. ஆனால் 1/2 − 1/3 = 0/1 என்ற வரியில் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். சுழியம் அரையைவிடச் சிறியதுதானே என்று தப்பித்துக்கொள்ளும். அங்கே, "மிச்சமே இல்லைன்னா அரையும் மூணுல ஒண்ணும் சமமா?" என்று கேட்க வேண்டியிருக்கும். அளவு பார்ப்பது தவறைப் பிடிக்கும் வலை. விடை சரி என்பதற்கு அது சான்றிதழ் ஆகாது. 1/2 + 1/3 = 4/6 என்று ஒரு பிள்ளை எழுதினால் அது இந்த வலையில் சிக்காமல் போய்விடும்.

பள்ளியில் நாம் எல்லோரும் பழகிய சரிபார்ப்பு ஒன்று உண்டு: கழித்து வந்த விடையோடு கழித்ததைக் கூட்டிப் பார், தொடங்கிய எண் திரும்பி வந்தால் சரி. நல்ல பழக்கம்தான். இதையே இந்தப் பிள்ளை செய்தால் என்ன நடக்கும்? 3/4 − 1/2 = 2/2 என்று போட்டாயிற்று. இப்போது 2/2 + 1/2-ஐ அதே விதியில் கூட்டுகிறது. மேலே மூன்று, கீழே நான்கு. 3/4 திரும்பி வந்துவிட்டது! பிள்ளை மகிழ்ச்சியோடு சரி என்று குறி போட்டுக்கொள்கிறது. இடம் மாற்றிக் கூட்டிப் பார்க்கலாம் என்றால் 1/3 + 1/2-உம் 2/5 என்றே வருகிறது. விதி தனக்குள் எந்த முரணும் இல்லாமல், தன்னையே சாட்சிக்கு அழைத்து, தான் சரி என்று சொல்லிக்கொள்கிறது.

திருத்துபவர் இந்த இடத்தில் வெகுநேரம் நிற்க வேண்டும். "திரும்பச் சரிபாரு, திரும்பச் சரிபாரு" என்று பிள்ளையை விரட்டுவது வீண்; பத்து முறை சரிபார்த்தாலும் அது தன் விதியாலேயே சரிபார்க்கும், பத்து முறையும் சரி என்றே வரும். ஒவ்வொரு முறையும் அதன் உறுதி கூடும், நம் எரிச்சலும் கூடும். பிழையான ஒன்றை உள்ளிருந்து எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் பிழை தெரியாது. சாட்சி விதிக்கு வெளியிலிருந்து வர வேண்டும். அந்தச் சாட்சி பெரியவரின் அதிகாரமாக இருந்தால் அதுவும் உதவாது. பிள்ளை தன் விதியை விட்டுவிட்டு நம் விதியைக் காரணம் தெரியாமலே பிடித்துக்கொள்ளும். பிள்ளை தானே ஒப்புக்கொள்ளக்கூடிய, அதற்கு முன்பே தெரிந்த ஒன்றுதான் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும்.

அப்படித் தெரிந்தது நிறைய இருக்கிறது. "அரையும் காலும் எவ்வளவு?" என்று வாயால் கேட்டுப் பாருங்கள். நோட்டில் 1/2 + 1/4 = 2/6 என்று எழுதிய அதே பிள்ளை, யோசிக்காமல் "முக்கால்" என்று சொல்லக்கூடும். கடையில் அரை லிட்டரும் கால் லிட்டரும் வாங்கிய பழக்கம் அது. வாய் சொன்னதையும் கை எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நாம் பேசாமல் இருக்கலாம். இரண்டில் எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டியது பிள்ளை.

அமெரிக்காவில் 1978-இல் நடந்த தேசியக் கல்வி மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களிடம் 12/13 + 7/8 தோராயமாக எவ்வளவு என்று கேட்டார்கள். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னங்களும் ஒன்றுக்கு மிக அருகில் இருப்பதால் விடை 2. அதைத் தேர்ந்தவர்கள் 24 விழுக்காட்டினர்தான். பாதிக்கு மேற்பட்டோர் தொகுதிகளைக் கூட்டிய 19-ஐயோ பகுதிகளைக் கூட்டிய 21-ஐயோ தேர்ந்தார்கள். அவர்கள் கணக்குப் போடத் தெரியாதவர்கள் என்பதைவிட, 12/13 என்பது எவ்வளவு பெரியது என்று ஒருவரும் அவர்களை நின்று பார்க்க வைக்கவில்லை என்பதே பொருத்தம்.

அளவு தவறு என்று தெரிந்த பிறகு, சரியானது எது என்று காட்ட ஒரு கட்டம் போட்ட நோட்டு போதும். பன்னிரண்டு கட்டம் நீளமுள்ள ஒரு பட்டையை வரையச் சொல்லுங்கள். பன்னிரண்டு ஏன் என்றால், அதைப் பாதியாகவும் மூன்றாகவும் காலாகவும் மீதமில்லாமல் பிரிக்கலாம். அந்தப் பட்டைதான் முழுமை.

"இதுல பாதி எத்தனை கட்டம்?"

"ஆறு."

"மூணுல ஒரு பங்கு?"

"நாலு."

"ஆறை நீலத்துல அடி. அது முடியற இடத்துல இருந்து நாலைச் சிவப்புல அடி. இப்ப எத்தனை கட்டம் நிரம்பியிருக்கு?"

"பத்து. பன்னெண்டுல பத்து... அம்மா, ரெண்டே கட்டம்தான் மிச்சம். அப்ப 2/5 எப்படி வரும்?"

அந்தக் கேள்வி பிள்ளையின் வாயிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்த பிறகு சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பாதி என்ற துண்டும் மூன்றில் ஒன்று என்ற துண்டும் அளவில் வேறு. அவற்றை ஒன்று, இரண்டு என்று சேர்த்து எண்ண முடியாது. இரண்டையும் ஒரே அளவுள்ள கட்டங்களாக மாற்றினால் எண்ணலாம். 1/2 என்பது 6/12, 1/3 என்பது 4/12. மொத்தம் 10/12, சுருக்கினால் 5/6. கீழே உள்ள 12 கூட்டலில் மாறாததற்குக் காரணம், கட்டத்தின் அளவு மாறவில்லை; கட்டங்களின் எண்ணிக்கைதான் கூடியது. அதே பட்டையில் ஆறு கட்டத்திலிருந்து நான்கை அழித்தால் இரண்டு மிஞ்சும்: 2/12, அதாவது 1/6. பொதுப் பகுதி என்றும் மீச்சிறு பொது மடங்கு என்றும் பாடப்புத்தகம் சொல்வது, இரண்டு பங்கையும் மீதமில்லாமல் தாங்கும் மிகச் சிறிய பட்டையைத் தேடுவதைத்தான். இங்கே ஆறு கட்டமே போதுமாக இருந்தது என்று பிள்ளை பிறகு தானே கண்டுபிடிக்கட்டும்.

படம் வரைவதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பட்டையை இரண்டாக வெட்டி ஒன்றையும், வேறொரு பட்டையை மூன்றாக வெட்டி ஒன்றையும் வண்ணம் அடித்துக் காட்டினால், பிள்ளை மொத்தத் துண்டுகளை எண்ணும்: ஐந்து. வண்ணம் அடித்தவை: இரண்டு. "பாருங்க, 2/5 தானே?" என்று கேட்கும். நாமே அதன் தவறுக்குச் சாட்சி சொன்னதாக ஆகிவிடும். இரண்டு பட்டைகள் வந்ததும் முழுமை இரண்டாகிவிட்டது. மதிப்பெண் கணக்குக்குள் மறுபடி நுழைந்துவிட்டோம். துண்டுகளும் சம அளவில் இல்லை. ஆகவே ஒரே பட்டை, அதன் மேலேயே இரண்டு பங்கும் என்பதில் தளர்வு கூடாது.

சற்று வளர்ந்த பிள்ளையானால் இன்னொரு சாட்சியையும் அழைக்கலாம். அரையை 2/4 என்று எழுதினாலும் அரைதான். அப்படி எழுதிவிட்டு அதன் பழைய விதியிலேயே கூட்டச் சொல்லுங்கள்: 2/4 + 1/3 = 3/7. முன்பு வந்தது 2/5. அளவு மாறாமல் எழுதிய விதம் மட்டும் மாறியதற்கு மொத்தம் மாறலாமா? மதிப்பெண்ணில் மாறலாம், இரண்டுக்கு ஒன்று வாங்குவதும் நான்குக்கு இரண்டு வாங்குவதும் மொத்தத்தில் ஒரே பங்களிப்பு ஆகாது. அளவுகளில் மாறக் கூடாது. தனக்குள் முரணில்லாததாகத் தெரிந்த விதி இங்கேதான் முதன்முறையாகத் தடுமாறுகிறது.

இவ்வளவு தூரம் வராமல், "கீழே உள்ளதைக் கூட்டக் கூடாது, குறுக்கே பெருக்கிக் கூட்டு" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ளும் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. அதனால் அடுத்த தேர்வில் விடை சரியாகவும் வரும். ஆனால் காரணமில்லாமல் கொடுத்த தடை, தன் எல்லை எது என்று அறியாது. சில மாதம் கழித்து 2/3 × 1/4-க்கும் பிள்ளை குறுக்கே பெருக்கும், அல்லது பொதுப் பகுதி தேடி அலையும். அப்போது அதன் மேல் கோபப்பட நமக்கு உரிமை கிடையாது. சுருக்கு வழி தப்பு என்று சொல்லவில்லை. பட்டையில் நிரப்பிப் பார்த்து, 12 ஏன் மாறவில்லை என்று தன் வாயால் சொல்லிய பிள்ளைக்குக் குறுக்குப் பெருக்கல் நேரத்தை மிச்சப்படுத்தும் கருவி. மற்றவர்களுக்கு அது இன்னொரு மூடிய விதி.

நோட்டில் என்ன எழுதிக் கொடுப்பது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. 2/5-இன் மேல் குறுக்குக் கோடு இழுக்காமல், பக்கத்தில் "இது அரையைவிடப் பெரியதா?" என்று எழுதுங்கள். கழித்தலுக்கு, "எடுத்த பிறகு கூடியிருக்கிறதா?" என்று எழுதுங்கள். கோடு, தீர்ப்பை நம் கையில் வைத்துக்கொள்கிறது. கேள்வி அதைப் பிள்ளையிடம் ஒப்படைக்கிறது. மென்மை என்பது தவறைத் தவறு என்று சொல்லத் தயங்குவது என்று சிலர் நினைக்கிறார்கள். "பரவாயில்லை, கிட்டத்தட்டச் சரி" என்று 2/5-ஐப் பார்த்துச் சொல்வது மென்மை ஆகாது, அது பொய். 5/6-க்கு அது கிட்டத்தில்கூட இல்லை.

ஒரு வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், கலந்து சில கணக்குகள் கொடுத்துப் பார்க்க வேண்டும்: 2/5 + 1/4, 5/6 − 1/3, 3/4 − 1/4, நடுவே ஒரு பெருக்கல். போடும் முன் முதல் கணக்கின் விடையை ஊகிக்கச் சொல்லுங்கள். இரண்டும் அரைக்குக் குறைவு, அதனால் ஒன்றைத் தாண்டாது. 2/5-ஐவிடப் பெரியதாக இருக்கும் என்று பிள்ளை சொல்ல வேண்டும். பிறகு இருபது கட்டத்தில் எட்டும் ஐந்தும் பதின்மூன்று, 13/20 என்று போட்டு, சொன்ன எல்லைக்குள் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லா விடையும் சரியாக வந்து, ஊகிக்கத் தெரியவில்லை என்றால் நம் வேலை முடியவில்லை. ஒன்றிரண்டு பிசகினாலும், "இது பெரிசா வரணுமே, ஏன் குறைஞ்சுது?" என்று நம்மைக் கேளாமலே அது திரும்பிப் போய்ப் பார்த்தால், இனி அந்த நோட்டைத் தினமும் நாம் திருத்த வேண்டியதில்லை.